பாத்தனுங்க, பாத்தமுங்க

மாலை நாலு மணி டீ இடைவேளையில் அந்த மெயில் வந்தது. கணபதிப் பக்கம் ஒரு பம்பு கம்பெனியின் டெஸ்டிங் பிரிவில் எனக்கு வேலை. செய்து முடித்த பம்புகளைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி ஓட்டிப் பார்த்து, எவ்வளவு நீரை எவ்வளவு உயரத்துக்குத் தள்ளுகிறது, அதற்கு எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று எழுதுகிற வேலை. ஒரு கையில் டீ டம்ளர், இன்னொரு கையில் போன். மெயிலைப் பாதி படிப்பதற்குள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

அனுப்பியவர் சென்னையில் இருக்கும் ரிக்ரூட்டர் ஒருவர், கம்பெனிகளுக்கு ஆள் தேடித் தரும் பெண்மணி. அன்று காலையில்தான் போனில் என்னோடு இருபது நிமிடம் பேசியிருந்தார். மதுக்கரைக்கு அப்பால் புதிதாக ஒரு பம்பு ஆய்வுக்கூடம் வருகிறது. அதற்கு டெஸ்ட் இன்ஜினியர் தேடுகிறார்கள். அங்கே வரப்போகும் குழாய்களைப் பற்றியும் அவர் சொன்னார். ஓர் ஆள் உள்ளே நிமிர்ந்து நடக்கலாமாம். எங்கள் தொட்டிக் குழாயில் என் முழங்கை வரைதான் போகும். ஒரு ஊருக்கே தண்ணீர் ஏற்றும் பம்பை ஓட்டிப் பார்த்து, "சரி, போகலாம்" என்று கையெழுத்துப் போடும் வேலை! வெள்ளகோவிலில் எங்கள் வீட்டுக் கிணற்று மோட்டார் ஓடத் தொடங்கி, குழாய் வாயில் முதல் தண்ணீர் வந்து விழும்போது ஓடிப்போய் நிற்பேனே, அதே துள்ளல் எனக்கு அந்தப் போன் பேச்சிலும் வந்தது.

மெயில் சுருக்கமாக இருந்தது. வேலை விளம்பரத்தையும் இணைத்திருந்தார். இந்த வேலைக்கு ஏற்ற மாதிரி ரெஸ்யூமை மாற்றி நாளை காலை பதினொரு மணிக்குள் அனுப்ப வேண்டும். டெஸ்டிங் அனுபவம் முதல் பக்கத்தில் வரட்டும். மொத்தம் இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது. 'அளவீட்டு நிச்சயமின்மைக் கணக்கு', அதாவது அளந்த எண் எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்ற கணக்கு, அந்தச் சொல்லையும் சேர்த்தால் நல்லது. கூடவே ஒரு மாதிரி டெஸ்ட் ரிப்போர்ட்டும் இணைக்க முடியுமா? நோட்டீஸ் பீரியட், இப்போதைய சம்பளம், எதிர்பார்க்கும் சம்பளம், இதே இடத்துக்கு வேறு யார் மூலமாவது விண்ணப்பித்திருக்கிறீர்களா என்ற கேள்விகள். அதெல்லாம் வழக்கம்தான். கடைசி இரண்டு வரிதான் என்னை நிறுத்தியது.

"தொட்டி நீர்மட்டம் பற்றிப் போனில் சொன்னது அருமையான விஷயம். ஆனால் எல்லாமே 'நாங்கள் பார்த்தோம், நாங்கள் செய்தோம்' என்றே சொன்னீர்கள். ஆய்வுக்கூடத்தார் தனியாக முடிவெடுக்கிறவரைத் தேடுகிறார்கள். உங்கள் சொந்தப் பங்கு என்ன என்று தெளிவாக எழுதாவிட்டால் என்னால் இதை முன்னெடுக்க முடியாது."

நாங்களா? நான் ஒரு தடவைகூட நாங்கள் என்று சொல்லவில்லையே!

ஆறரைக்கு வீடு திரும்பினேன். மாடியில் இரண்டு அறை. என்னோடு இருக்கிறவள் ஆனைமலைக்காரி. கல்லூரியில் ஒரே பெஞ்ச். சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறாள். நாளெல்லாம் அடுத்தவர் ரெஸ்யூமைப் படிப்பதே பிழைப்பு என்பதால் என் ரெஸ்யூமை மட்டும் இதுவரை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. அன்று மெயிலைப் படித்துக் காட்டினேன்.

"காலைல என்ன சொன்ன? அப்படியே சொல்லு, பாக்கலாம்" என்றாள்.

சொன்னேன். "நானுங்க ஒரு நாள் மத்தியானம் தொட்டியப் பாத்தனுங்க. தண்ணி கீழ எறங்கி இருந்துச்சுங்க. அப்பறம் கணக்குப் போட்டனுங்க…"

அவள் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். நான் முறைத்தேன்.

"ஏ புள்ள, இன்னொருக்கா சொல்லு. வேகமாச் சொல்லு."

"நானுங்க தொட்டியப் பாத்தனுங்க."

"நாங்க தொட்டியப் பாத்தமுங்க. அந்தக்கா காதுல இப்படித்தான் விழுந்திருக்கும். எங்க நின்னு பேசுன?"

"கம்பெனி கேட்டு வெளிய. ரோட்டோரம்."

"லாரி போச்சா?"

"ரெண்டு மூணு போச்சு."

"போச்சு போ. லாரிச் சத்தத்துல 'ன'வா 'ம'வான்னு சென்னைக்காரிக்கு என்னடி தெரியும்? மரியாதைக்கு ஒரு 'ங்க' போட்ட. அதுவே உன்ன ஊர்க்கூட்டத்துல கொண்டு போய் நிறுத்திருச்சு."

நான் சிரிக்கவில்லை. உண்மையிலேயே வியந்துபோய் உட்கார்ந்திருந்தேன். 'நானுங்க'வில் ஒரு 'னு' தேய்ந்தால் 'நாங்க'. 'பாத்தனுங்க'வில் ஓர் எழுத்து உதட்டில் ஒட்டிக்கொண்டால் 'பாத்தமுங்க'. பிறந்ததிலிருந்து இந்தப் பேச்சைத்தான் பேசுகிறேன். எங்கள் ஊரில் யாருக்கும் இது குழம்பியதே கிடையாது. ஆனால் முந்நூறு மைலுக்கு அப்பால் ஒரு காதில் இறங்கும்போது, ஓர் ஆள் போய் ஒரு கூட்டம் ஆகிவிடுகிறது! ஒரே ஓர் எழுத்துக்கு அவ்வளவு பலமா?

"போனத்தான் விடு, ரெஸ்யூம்ல என்ன எழுதியிருக்க, காட்டு" என்று லேப்டாப்பை இழுத்தாள்.

அதில் நிலைமை இன்னும் மோசம். மூன்று வருட வேலையை நான் எழுதியிருந்த விதத்தில் 'பங்கேற்றேன்', 'உதவினேன்', 'குழுவில் ஒருவராக இருந்தேன்' என்பவைதான் மாறி மாறி வந்தன. அவள் கர்சரை நகர்த்தி ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"ஏழு தடவ உதவியிருக்க. யாருக்குடி உதவுன? இதப் படிச்சா நீ அங்க காப்பி வாங்கிக் குடுத்தியான்னு தோணும்."

"நான் நான்னு எழுதுனா திமிரு மாதிரி இருக்காது?"

"கல்யாண வீட்டுல பந்தியில நான் நான்னா திமிரு. ரெஸ்யூம்ல நான் இல்லீன்னா அந்த எடத்துல ஆளே இல்லீன்னு அர்த்தம்."

அந்தத் தொட்டி விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். பம்பு தண்ணீரை எவ்வளவு உயரம் தள்ளுகிறது என்று கண்டுபிடிக்க, குழாயில் பொருத்திய கேஜ் காட்டும் அழுத்தத்தை உயரமாக மாற்றி, அதோடு நீர்மட்டத்திலிருந்து கேஜ் இருக்கும் இடம் வரையிலான உயரத்தையும் கூட்ட வேண்டும். இன்னும் ஒன்றிரண்டு திருத்தங்கள் உண்டு, பெரியது இதுதான். எங்கள் டெஸ்ட் தாளில் இந்த உயரத்தை யாரோ ஒரு காலத்தில் அளந்து, ஒரே எண்ணாக அச்சடித்தே வைத்திருந்தார்கள். எல்லாரும் அந்த எண்ணையே கூட்டினோம்.

குறைந்த உயரத்துக்குத் தள்ளும் ஒரு ரகப் பம்புகள் மத்தியான ஷிப்டில் மட்டும் ஃபெயிலாகிக்கொண்டிருந்தன. அதுவும் நூலிழையில். பிரித்துப் பார்ப்பார்கள், உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரை மாற்றுவார்கள், மறுநாள் காலையில் ஓட்டினால் பாஸ். "இம்பெல்லரை மாத்துனதுனாலதான் சரியாச்சு" என்று எல்லாரும் நிம்மதியாகிவிடுவார்கள். நானும்தான்.

ஒரு நாள் பேனா கைதவறித் தொட்டிக்குள் விழுந்தது. எட்டிப் பார்த்தேன். பேனா போயே போய்விட்டது. ஆனால் தொட்டிச் சுவரில், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, பச்சைப் பாசியில் ஈரக்கோடு ஒன்று பளபளவென்று தெரிந்தது. காலையில் தண்ணீர் அங்கே இருந்திருக்கிறது. காலையில் வால்வைத் திறந்து தொட்டியை நிரப்புவார்கள். பகலெல்லாம் கசிவிலும், சிதறலிலும், பம்பைத் தூக்கும்போது அதற்குள் இருந்து கொட்டுவதிலுமாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகும். நீர்மட்டம் இறங்கினால் பம்பு உண்மையில் இன்னும் அதிக உயரம் தள்ளுகிறது. தாளில் இருக்கும் எண்ணோ அசையாமல் நிற்கிறது. ஆக, பம்பு செய்த வேலையில் ஒரு சாணை நாங்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. நூறு மீட்டர் தள்ளும் பம்புக்கு ஒரு சாண் ஒன்றுமே இல்லை. பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளும் பம்புக்கு அந்த ஒரு சாண்தான் பாஸும் ஃபெயிலும்.

பம்பு சரியாக இருந்தது. எண்தான் பழசு. அன்றைக்கு நான் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றேன். எத்தனை பம்பைப் பிரித்தோம்! ஒவ்வொன்றும் தன் வேலையைக் கச்சிதமாகச் செய்துவிட்டு, வாய் திறந்து சொல்ல வழியில்லாமல் மேசையில் கிடந்திருக்கிறது. தண்ணீர் மட்டும் தினமும் சுவரில் கோடு போட்டு எழுதிக் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. படிக்கத்தான் ஆளில்லை.

ஃபிட்டர் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். கோட்டைமேட்டுக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எங்கள் பிரிவில் கைவேலை எல்லாம் அவருடையது. "அப்படீங்களா" என்று மட்டும் சொன்னார். நாலைந்து நாள் கழித்து ஒரு ஸ்டீல் பட்டையில், சுத்தியலால் தட்டி எண்களைப் பதிக்கும் பஞ்ச் கருவியால் சென்டிமீட்டர் அடித்துக் கொண்டுவந்து தொட்டிச் சுவரில் பொருத்தினார். நான் தாளில் எல்லாவற்றுக்கும் மேலே 'நீர்மட்டம்' என்று ஒரு கட்டத்தைச் சேர்த்து மேனேஜரிடம் ஒப்புதல் வாங்கினேன். அன்றிலிருந்து பட்டையைப் படிக்காமல் யாரும் கேஜைப் படிப்பதில்லை. மத்தியான ஃபெயில்கள் நின்றுபோயின.

இதை ரெஸ்யூமில் ஒரு வரியாக எழுத வேண்டும். அவள் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் அடித்தேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'சோதனைத் தொட்டியில் நீர்மட்டம் மாறுவதால் வரும் பிழையைக் கண்டறிந்து, சரிபார்த்து, ஒவ்வோர் அளவீட்டுக்கும் நீர்மட்டத்தைப் பதியும் முறையைக் கொண்டுவந்தேன்.'

திரையில் அதை இன்னொரு தடவை படித்தேன். பேனா விழுந்தது, பாசி, ஈரக்கோடு, நான் நின்ற நிற்பு, எல்லாம் இந்த ஒன்றரை வரிக்குள் அடங்கிவிட்டன. 'உதவினேன்' எங்கேயும் இல்லை. இது நானா?

"நீதான்" என்றாள் அவள், நான் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன் போல. "சரி, அடுத்தது. அவங்க கேட்ட அந்த நிச்சயமின்மைக் கணக்கு. உனக்குத் தெரியுமா?"

"படிச்சிருக்கேன். போட்டதில்ல."

"அப்பப் போடாத. வார்த்தையப் பாத்துத்தான் கம்ப்யூட்டரு ரெஸ்யூம வடிகட்டும்னு சொல்லி ஆளாளுக்கு வேலை விளம்பரத்த அப்படியே ஒட்டி அனுப்பறாங்க. வடிகட்டி தாண்டிப் போயிருவ. அங்க ஒருத்தர் உக்காந்திருப்பாரு, மொதக் கேள்வியே அதுலதான் கேப்பாரு. உன்ர வேலையில நெசமா இருக்கறத அவங்க சொல்ற பேருல மாத்து. அது போதும்."

அப்படி மாறியவை நிறைய. நான் 'கேஜ் செக்கிங்' என்று எழுதியிருந்ததை அவர்கள் விளம்பரத்தில் 'அளவுக்கருவிகளின் காலிப்ரேஷன் கண்காணிப்பு' என்கிறார்கள். நான் செய்வது அதேதான். என் போட்டோ, அப்பா பெயர், பிறந்த தேதி, முழு விலாசம், 'மேற்கண்டவை உண்மை என உறுதி கூறுகிறேன்' என்ற கடைசி வரி, எல்லாவற்றையும் நீக்கினாள். பள்ளிக்கூடத்துக் கோலப்போட்டிப் பரிசையும் நீக்கினாள். அதற்கு மட்டும் கொஞ்சம் சண்டை நடந்தது.

மாதிரி ரிப்போர்ட் என்றதும் நான் உற்சாகமாக எழுந்தேன். "போன மாசம் போட்ட ஒன்னு என்ர போன்லயே இருக்கு, சூப்பரா வந்திருக்கும்…"

"உக்காரு. அதுல யாரு பேரு இருக்கு?"

"கம்பெனி பேரு. வாங்கறவங்க பேரு."

"அப்பறம் அது உன்ரதா?"

உட்கார்ந்துவிட்டேன். "பேர மறைச்சுட்டு அனுப்பலாமே?"

"இங்க இருக்கறப்ப இந்த ரிப்போர்ட்ட வெளிய விடற ஆளு, அங்க போனா அவங்க ரிப்போர்ட்டயும் வெளிய விடும்னு அந்த ஆய்வுக்கூடம் நெனைக்காதா? நான் ஆள் எடுக்கறவ. நானா இருந்தா நெனைப்பேன்."

அதற்குப் பதிலாக நானே ஒரு பக்கம் தயாரிக்கலாம் என்று முடிவானது. கற்பனை எண்களை வைத்து, தண்ணீர் ஒரு சாண் இறங்கினால் கணக்கு எப்படி மாறும் என்று ஒரு சின்ன அட்டவணை, ஒரு படம். மேலே 'விளக்கத்துக்கான எண்கள் மட்டும்' என்று எழுதிவிட வேண்டும். அரை மணி நேரத்தில் போட்டுவிட்டேன். இதை மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மெயிலை எழுதி முடிக்கும் முன் ஃபிட்டர் அண்ணனுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று தோன்றியது. பட்டை அவர் அடித்தது. 'நான்' என்று எழுதுவதற்கு முன் ஒரு போன் போட்டால் மனசுக்கு நிம்மதி. வேறு வேலை தேடுகிறேன் என்பதை அவர் வெளியே விடமாட்டார் என்று தெரியும். போட்டேன். பின்னால் கடைவீதி இரைச்சல்.

"ஏனுங்ணா, ஒரு நிமிஷம் பேசலாமுங்களா?"

"சொல்லு அம்மணி. மோட்டாரு எரிஞ்சுபோச்சா?"

"அதெல்லாம் இல்லீங்ணா. அந்தத் தொட்டிப் பட்டை இருக்குதில்லீங்களா? அதப் பத்தி என்ர ரெஸ்யூம்ல எழுதறனுங்க. நான் கண்டுபிடிச்சேன்னு போடலாமுங்களா?"

"நீதான கண்டுபுடிச்ச! பின்ன அந்தப் பேனாவா கண்டுபுடிச்சுது?" என்று சிரித்தார். "பயோடேட்டாவா? எங்க போற?"

சொன்னேன். ஆள் நடக்கிற குழாய் என்றதும், "யா அல்லா" என்றார் மெல்ல. பிறகு, "பட்டைய நான் அடிச்சேன்னு போட வேண்டாம். தகட்டுல நம்பரடிக்கறது என்ன பெரிய விஷயம். ஆனா அதுக்கு முன்னால ஒன்னு செஞ்சேன். அத உன்கிட்ட சொல்லவேயில்ல."

"என்னதுங்ணா?"

"நீ வந்து சொன்ன அன்னிக்கு நான் நம்பல அம்மணி. தப்பா நெனச்சுக்காத. ஒரு சாண் தண்ணிக்கு இத்தன பம்பு ஃபெயிலாகுமான்னு இருந்துச்சு. சாக்பீஸ எடுத்துட்டுப் போயி காலைல தண்ணி நிக்கற எடத்துல ஒரு கோடு, மத்தியானம் ஒரு கோடு. ஒரே பம்ப ரெண்டு நேரமும் ஓட்டி, கேஜப் பாத்து எழுதி வெச்சேன். மூணு நாள் பாத்தமுங்க. மூணு நாளும் நீ சொன்ன மாதிரியேதான். அப்பறந்தான் பட்டையே வெட்டுனேன்."

கேட்டதில் ஒரு சொல் உறுத்தியது.

"ஏனுங்ணா, பாத்தனுங்களா, பாத்தமுங்களா?"

"என்னது?"

"நீங்க மட்டும் பாத்தீங்களா, கூட யாராவது இருந்தாங்களா?"

"நான் ஒருத்தன்தான் பாத்தேன். யாரு கூட இருப்பா? நீங்கெல்லாம் சாப்பிடப் போயிருந்தீங்க. ஏன் கேக்கற?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். எனக்கும் சிரிப்பு வந்தது. போனை வைத்தேன்.

அவர் என்னை நம்பாமல் போனார் என்பது வலிக்கவே இல்லை. வேறொன்றுதான் என்னை உலுக்கியது. நான் தொட்டியைப் பார்த்தேன், கணக்குப் போட்டேன், சரி என்று நம்பிவிட்டேன். அவ்வளவுதான். ஒரே பம்பை, ஒரே நாளில், இரண்டு நீர்மட்டத்தில் ஓட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை. எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில், ஒரு துண்டு சாக்பீஸோடு, யாரிடமும் சொல்லாமல், ஒரு மனிதர் அதைச் செய்திருக்கிறார். டெஸ்ட் என்றால் அதுவல்லவா டெஸ்ட்! மூன்று வருடம் அதே தொட்டிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்றிருக்கிறோம். எனக்குத் தெரியவே தெரியாது.

ரெஸ்யூமைத் திறந்தேன். 'கண்டறிந்து, சரிபார்த்து' என்று இருந்தது. 'சரிபார்த்து' என்னுடையது அல்ல.

"விடுடி" என்றாள் அவள். "நீயும் கணக்குப் போட்டுப் பாத்தியில்ல. அதுவும் சரிபாக்கறதுதான். யாரு கேக்கப் போறா? இந்த வேலைக்கு அந்த வார்த்தைதான் உசுரு. அத எடுத்தா வெறும் பாத்த ஆளு ஆயிருவ."

அவள் சொன்னது பொய்யில்லை. விளம்பரத்தில் மூன்று இடத்தில் அந்தச் சொல் இருந்தது. நான் கர்சரை அதன்மேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். ஆள் நடக்கும் குழாய் கண்ணுக்குள் வந்துபோனது. 'நாங்கள்' என்று தப்பாகக் காதில் விழுந்ததற்கு அவ்வளவு பதறினேனே. இப்போது அவருடையதையும் சேர்த்து 'நான்' என்று எழுதினால் அதுவும் தப்பான எழுத்துதானே? லாரிச் சத்தம்கூட இல்லாமல், நானே உட்கார்ந்து எழுதும் தப்பு.

அந்தச் சொல்லை அழித்து இப்படி எழுதினேன்: 'நீர்மட்டம் மாறுவதால் வரும் பிழையைக் கண்டறிந்தேன், சக ஃபிட்டர் ஒருவர் அதைத் தனியாகச் சோதித்து உறுதிசெய்து, தொட்டியில் அளவுப்பட்டை பொருத்தினார், ஒவ்வோர் அளவீட்டோடும் நீர்மட்டத்தைப் பதியும் முறையை வடிவமைத்து, ஒப்புதல் பெற்றுக் கொண்டுவந்தேன்.'

அவள் படித்தாள். "நீளமா இருக்கு" என்றாள். இன்னொரு தடவை படித்துவிட்டு, "ஆனா படம் மாதிரி தெரியுது. யாரு எங்க நின்னாங்கன்னு தெரியுது" என்று சொல்லிவிட்டு உப்புமா கிளறப் போனாள்.

மெயிலை மறுநாள் காலை ஏழு மணிக்கு, என் சொந்த மெயிலிலிருந்து, சொந்த லேப்டாப்பிலிருந்து அனுப்பினேன். கம்பெனிக் கம்ப்யூட்டரைத் தொடவே கூடாது என்பது அவள் கட்டளை. எழுதியது ஏறக்குறைய இப்படி:

'வணக்கம். மாற்றிய ரெஸ்யூமை இணைத்திருக்கிறேன், இரண்டு பக்கம். டெஸ்டிங் அனுபவத்தை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்து, என் பங்கை ஒவ்வொரு வரியிலும் தனியாகச் சொல்லியிருக்கிறேன். நேற்றுப் போனில் "நான்" என்றுதான் சொன்னேன். எங்கள் பக்கத்துப் பேச்சில் மரியாதைக்காகச் சேர்க்கும் "ங்க" அதை "நாங்கள்" போலக் கேட்க வைத்திருக்கும். நீர்மட்டப் பிழையைக் கண்டறிந்தது நான். அதைச் சோதித்து உறுதிசெய்தவர் என் சக ஊழியர். அதை அப்படியே எழுதியிருக்கிறேன், தயவுசெய்து மாற்ற வேண்டாம். நிச்சயமின்மைக் கணக்கை நான் வேலையில் செய்ததில்லை, அதனால் சேர்க்கவில்லை. கற்றுக்கொள்ள ஆசை உண்டு. டெஸ்ட் ரிப்போர்ட்டுகள் கம்பெனிக்குச் சொந்தம் என்பதால் அனுப்ப இயலாது. பதிலாக, கற்பனை எண்களோடு நானே தயாரித்த ஒரு பக்க விளக்கத்தை இணைத்திருக்கிறேன். நோட்டீஸ் பீரியட் அறுபது நாள். சம்பள விவரம் கீழே. இந்த வேலைக்கு வேறு யார் மூலமாகவும் விண்ணப்பிக்கவில்லை. சான்றிதழ்களும் சம்பளச் சீட்டுகளும் தேர்வானால் அந்தக் கட்டத்தில் தருகிறேன்.'

ரெஸ்யூம் வேர்ட் ஃபைலாகப் போனது. ரிக்ரூட்டர்கள் தங்கள் தலைப்பைப் போட்டு நம் போன் நம்பரை எடுத்துவிட்டுத்தான் அனுப்புவார்களாம், பி.டி.எஃப். கொடுத்தால் திரும்பக் கேட்பார்களாம். ஒரு பக்க விளக்கம் மட்டும் பி.டி.எஃப். ஃபைலின் பெயரில் என் பெயர், வேலையின் பெயர், அவ்வளவுதான். அதுவரை அதன் பெயர் 'ரெஸ்யூம் ஃபைனல் புதுசு 4'. அவள் அதற்குச் சிரித்த சிரிப்பைத் தனியாக எழுத வேண்டும்.

பத்து மணிக்குப் போன் வந்தது. டெஸ்டிங் பிரிவிலிருந்து வெளியே ஓடி, இந்தத் தடவை ரோட்டுப் பக்கம் போகாமல், வார்ப்புக்கான மர அச்சுகளை அடுக்கி வைக்கும் பேட்டர்ன் ஷெட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நின்றேன்.

"மெயில் படிச்சேன்மா" என்றார் ரிக்ரூட்டர். "முதல்ல ஒரு சாரி. நான் 'நாங்க'ன்னுதான் நோட்ஸ்ல எழுதியிருந்தேன். மாத்திட்டேன். ஆனா அந்த ஃபிட்டர் வரி. எல்லாரும் அடுத்தவங்க பேரை எடுக்கச் சொல்லுவாங்க, நீங்க சேர்த்திருக்கீங்க. உறுதியா இருக்கட்டுமா? உங்க பங்கு குறைஞ்ச மாதிரி தெரியும். அவங்க வேண்டாம்னு சொல்லவும் வாய்ப்பு இருக்கு."

"இருக்கட்டுமுங்க" என்றேன்.

"சரி. கண்டுபிடிச்சது நீங்கதானே? கிளையண்ட்டுக்கு எழுதணும், தெளிவாச் சொல்லுங்க."

"நான்" என்றேன். மூத்தவர் ஒருவரிடம், வாழ்க்கையில் முதல் தடவையாக, 'ங்க' இல்லாத வெறும் 'நான்'. அந்தரத்தில் அம்மணமாக நிற்பது போல இருந்தது. ஒரு நொடிகூடத் தாங்க முடியவில்லை. "நான்தானுங்க" என்று முடித்தேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "இப்ப கேட்டுச்சு" என்றார்.

சாயங்காலம் பதில் வந்துவிட்டது. சனிக்கிழமை காலை நேர்காணல். கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்: தொழில்நுட்பக் கேள்விகள் கேட்கப்போகிறவர் என் ரெஸ்யூமையும் ஒரு பக்க விளக்கத்தையும் படித்துவிட்டாராம், உறுதிசெய்த சோதனை எப்படி நடந்தது என்று முதலில் அதைத்தான் கேட்கப்போகிறாராம்.

ஷிப்ட் முடிந்து கை கழுவிக்கொண்டிருந்த ஃபிட்டர் அண்ணனிடம் ஓடினேன். கேட்டுவிட்டுத் துண்டால் கையைத் துடைத்தார்.

"அப்ப எனக்கும் சேத்துத்தான் இன்டர்வியூவா? சட்டைய அயர்ன் பண்ணி வெக்கட்டுமா?"

"நீங்க வர வேண்டாமுங்ணா. ஆனா அந்த மூணு நாளும் என்ன செஞ்சீங்கன்னு ஒன்னு விடாமச் சொல்லணும்."

"சொல்றதென்ன, காட்டறேன் வா" என்று தொட்டிப் பக்கம் நடந்தார். ஸ்டீல் பட்டைக்குப் பின்னால் குனிந்து, விரலால் ஒரு இடத்தைத் தேய்த்தார். பாசி விலகியது. உள்ளே, காலைத் தண்ணீர் வந்து நிற்கும் மட்டத்துக்குச் சற்று மேலே, பாதி கரைந்த சாக்பீஸ் கோடு ஒன்று இன்னும் இருந்தது. அதன் பக்கத்தில் தமிழில் 'கா' என்று ஒரு சின்ன எழுத்து. காலை.

தினமும் பத்துத் தடவை அந்தப் பட்டையைப் படித்திருக்கிறேன். நோட்டை எடுத்தேன். "மொத நாள்லருந்து சொல்லுங்ணா" என்றேன்.